கண் தாண்டிப்போகும் பிழைகளைக் குரலால் பிடிப்பது: அறிகுறிவாரியாக ஒரு வழிமுறை

எழுதி முடித்த வரைவை மூன்று நான்கு முறை மௌனமாகப் படித்த பிறகும் பிழை தப்பிவிடுகிறது என்றால், இன்னொரு முறை மௌனமாகப் படிப்பதில் பயனில்லை. கவனக்குறைவு என்று உங்களை நீங்களே கடிந்துகொள்ளவும் தேவையில்லை. கண் வேலை செய்யும் விதமே அப்படி. அது வரியின்மீது சீராக நகர்வதில்லை. ஓரிடத்தில் ஏறக்குறைய கால் நொடி நிற்கும். அங்கிருந்து அடுத்த இடத்துக்குத் தாவும். தாவும்போது அது எதையும் தெளிவாகப் பார்ப்பதில்லை. நிற்கும் இடத்திலும் நடுவில் உள்ள சில எழுத்துகள்தான் கூர்மையாகத் தெரியும். மீதியை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது.

பிறர் எழுதியதைப் படிக்கும்போது அந்த ஊகம் அவ்வப்போது பொய்த்துப்போகும். கண் நின்று திரும்பிப் பார்க்கும். நாமே எழுதியதில் அடுத்து என்ன வரும் என்று முன்பே தெரியும் என்பதால் ஊகம் பொய்ப்பதே இல்லை. தாளில் இல்லாத சொல்லையும் கண்டதாகவே எண்ணிக் கடந்துவிடுகிறோம்.

இதற்கு மருந்தாக வாய்விட்டுப் படிக்கச் சொல்வார்கள். நல்ல மருந்துதான். ஆனால் ‘வாய்விட்டுப் படித்தால் பிழை தானாகவே காதில் விழும்’ என்று அதோடு நிறுத்திவிடுவது எனக்கு உடன்பாடில்லை. கண் ஊகிப்பதுபோலவே வாயும் திருத்துகிறது. விடுபட்ட சொல்லைச் சேர்த்துச் சொல்கிறது, விடுபட்ட புள்ளியை இட்டு ஒலிக்கிறது. ஆகவே சில பிழைகள் குரலில் அறிகுறி காட்டும். சில பிழைகள் காட்டவே காட்டாது. முதல் வகைக்கு அறிகுறியை அடையாளம் காணத் தெரிய வேண்டும். இரண்டாம் வகைக்கு, அறிகுறி தோன்றும்படி நாம் படிக்கும் முறையை மாற்ற வேண்டும். கீழே உள்ளவை இந்த இரண்டையும் பற்றியவை.

தொடங்கும் முன்

எழுதிய திரையிலேயே படிக்காதீர்கள். அச்சிட்டுக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் எழுத்துருவையும் எழுத்தின் அளவையும் மாற்றி, வரிகள் வேறு இடங்களில் முறியும்படி செய்யுங்கள். பழகிய பக்கத்தில் எந்தச் சொல் எந்த மூலையில் இருக்கிறது என்பதுகூடக் கண்ணுக்கு மனப்பாடம். அந்த மனப்பாடத்தைக் கலைப்பதுதான் நோக்கம்.

குரல் உண்மையான குரலாக இருக்க வேண்டும். உதட்டை அசைத்து முணுமுணுத்தால் சொல்லின் ஈறுகள் விழுங்கப்படும். தமிழில் பிழைகள் பெரும்பாலும் ஈற்றில்தான் உட்கார்ந்திருக்கும். அறையில் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குக் கேட்கும் அளவு போதும். நடிப்புத் தேவையில்லை. உணர்ச்சியோடு படித்தால் வாய் இன்னும் அதிகமாகத் திருத்தத் தொடங்கிவிடும் என்பதால், செய்தி வாசிப்பதைவிடச் சற்று மந்தமான, ஏற்ற இறக்கம் குறைந்த குரலே நல்லது.

கையில் ஒரு பென்சில் இருக்கட்டும். தடுமாறிய இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். அங்கேயே நின்று திருத்தத் தொடங்கினால் படிப்பவர் போய் எழுதுபவர் வந்துவிடுவார்; அடுத்த இரண்டு மூன்று வரிகள் காதில் விழாமலே போய்விடும்.

எடுத்துக்காட்டு வரைவு

வழிமுறை முழுவதையும் ஒரே பத்தியில் வைத்துப் பார்ப்பது எளிது. இதற்காகவே நான் எழுதிக்கொண்ட பத்தி இது. இதில் ஆறு பிழைகள் இருக்கின்றன. மேலே படிக்கும் முன் ஒருமுறை மௌனமாகவும் ஒருமுறை வாய்விட்டும் படித்துப் பாருங்கள்.

> நூலகத்தின் மேல்தளத்தில் கிடந்த பழைய இதழ்களை ஒழுங்குபடுத்தும் பணி நிறைவடைந்தது. இதில் ஈடுபட்ட உறுப்பினர்கள் வாரந்தோறும் சனிக்கிழமை காலையில் வந்து, தூசு தட்டி, ஆண்டுவாரியாகப் பிரித்து, கிழிந்த பக்கங்களை ஒட்டி, அட்டவணையும் தயாரித்தது. சிதைந்த இதழ்களைத் தனியே எடுத்து வைத்து வைத்து அவற்றின் விவரங்களை பதிவேட்டில் குறித்துள்ளனர். புதிய விளக்குகள் பொருத்தப்பட்டதால் அறையில் ஒலி கூடியிருக்கிறது. இதழ்களை வீட்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதி என்பதை வாசகரகள் நினைவில் கொள்ள வேண்டும்.

அறிகுறி: வாக்கியம் முடிந்த பிறகும் முடிந்ததாகத் தோன்றவில்லை

இரண்டாவது வாக்கியத்தில் இது நேரும். ‘தயாரித்தது’ என்று சொல்லி முடிக்கும்போது குரல் தாழ்ந்து அமர வேண்டும். அமராமல் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். கண் தானாகவே வாக்கியத்தின் தொடக்கத்துக்கு ஓடும். ‘யார் தயாரித்தது?’ என்று உள்ளே ஒரு கேள்வி எழும்.

காரணம், எழுவாயும் பயனிலையும் பொருந்தவில்லை. தமிழ் வினைமுற்று தன் ஈற்றிலேயே திணை, பால், எண், இடம் அனைத்தையும் சுமக்கிறது. எழுவாய் வாக்கியத்தின் தலையிலும் வினைமுற்று வாலிலும் நிற்கின்றன. நடுவே நான்கைந்து வினையெச்சங்கள் வந்துவிட்டால், எழுதும்போது தலை மறந்துபோகிறது. மேலே உள்ள வாக்கியத்தில் முந்தைய வாக்கியத்தின் ‘பணி நிறைவடைந்தது’ என்ற முடிவு கையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மௌனமாகப் படிக்கும் கண் வாலுக்கு வரும்போது தலையை ஏற்கெனவே கடந்துவிட்டது. சொல் நல்ல சொல்தான் என்பதால் விட்டுவிடுகிறது. எழுத்துப்பிழை திருத்தியும் இதைக் காட்டாது, ஏனெனில் ‘தயாரித்தது’ என்பது தமிழில் உள்ள சொல்லே.

உறுதிப்படுத்தும் முறை எளிது. நடுவில் உள்ள அனைத்தையும் விட்டுவிட்டு, முதலையும் முடிவையும் மட்டும் சேர்த்து உரக்கச் சொல்லுங்கள்: ‘உறுப்பினர்கள் தயாரித்தது.’ இப்போது எந்தக் காதும் ஏற்காது. நீளமான வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் இப்படித் தலையையும் வாலையும் சேர்த்துச் சொல்லும் பழக்கத்தை நான் மிகவும் பரிந்துரைக்கிறேன். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு நொடிகூட ஆகாது.

அறிகுறி: நடுவிலேயே மூச்சு தீர்ந்துவிடுகிறது

மூச்சு தீர்ந்தால் வாக்கியம் நீளம், அதை உடைக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். அவசரப்பட வேண்டாம். நீளமான தமிழ் வாக்கியம் நன்றாகக் கட்டப்பட்டிருந்தால் ஒவ்வொரு வினையெச்சத்திலும் சிறிது மூச்சுவாங்க இடம் கொடுக்கும். தவிப்பு வருவது பெரும்பாலும் வினையெச்சச் சங்கிலி எங்கோ அறுந்திருக்கும்போதுதான்.

‘நூலகர் கதவைத் திறந்து, வாசகர்கள் உள்ளே வந்து அமர்ந்தார்கள்’ என்று படித்துப் பாருங்கள். ‘திறந்து’ என்ற இடத்தில் மூச்சுவாங்கிவிட்டு ‘வாசகர்கள்’ என்று தொடங்கும்போது குரல் பிடிமானம் இழக்கிறது. ‘திறந்து’ என்பதுபோன்ற இறந்தகால வினையெச்சம், அடுத்து வரும் வினையையும் அதே ஆள் செய்யப்போகிறார் என்று காதுக்கு வாக்குக் கொடுக்கிறது. இங்கே ஆள் மாறிவிட்டார். ‘திறந்ததும்’ அல்லது ‘திறக்க’ என்று மாற்றினால் நீளம் அப்படியே இருக்கும், தவிப்பு மட்டும் போய்விடும்.

ஆகவே மூச்சு தீர்ந்த இடத்தில் கோடு போட்டுவிட்டு, பின்னர் திரும்பி வரும்போது ஒவ்வொரு வினையெச்சத்தையும் ‘செய்தவர் யார்?’ என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விடை வந்தும் மூச்சு முட்டினால்தான் வாக்கியம் உண்மையிலேயே நீளம்.

அறிகுறி: தவறான இடத்தில் நிறுத்திவிட்டுத் திரும்ப வருகிறீர்கள்

‘பழைய உறுப்பினர்களின் பட்டியல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டியல் பழையதா, உறுப்பினர்கள் பழையவர்களா? எழுதியவருக்குத் தெரியும், ஆனால் குரலுக்கு எங்கே சிறு இடைவெளி விடுவது என்று தெரியாமல் ஒருமுறை ஒருவிதமாகவும் மறுமுறை வேறுவிதமாகவும் சொல்லும். இப்படி ஒரே தொடரை இரண்டு ராகத்தில் படித்துவிட்டால், வாசகர் தவறான ராகத்தைத் தேர்ந்தெடுப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘உறுப்பினர்களின் பழைய பட்டியல்’ என்று அடையை அதற்குரிய பெயரின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் போதும். காற்புள்ளியால் சமாளிக்க முயல்வதைவிட இடம் மாற்றுவதே நல்லது.

அறிகுறி: ஒரே சொல் இரண்டு முறை ஒலித்தது, ஆனால் சரியாகவும் பட்டது

‘எடுத்து வைத்து வைத்து’ என்ற இடம் இது. இரட்டித்த சொல்லைக் கண் எளிதில் தாண்டும். முதல் ‘வைத்து’ ஒரு வரியின் கடைசியிலும் இரண்டாவது அடுத்த வரியின் தொடக்கத்திலும் விழுந்துவிட்டால் அதைக் கண்டுபிடிப்பது மேலும் கடினம்.

தமிழில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ‘வர வர’, ‘மீண்டும் மீண்டும்’, ‘எழுதி எழுதி’ என்று நாம் வேண்டுமென்றே இரட்டிக்கிறோம். அதனால் காது இரட்டிப்பைக் கேட்டவுடன் பிழை என்று கூச்சலிடுவதில்லை. ஓர் அடுக்குத்தொடர் என்று எண்ணி விட்டுவிடக்கூடும். வேறுபாடு சொல்லும் விதத்தில் இருக்கிறது. உண்மையான அடுக்குத்தொடரில் இரண்டு சொற்களும் ஒரே மூச்சில், ஒரே வேகத்தில் வரும். பின்னால் வரும் வினை அந்தத் திரும்பத் திரும்பச் செய்தலின் விளைவைச் சொல்லும். ‘எழுதி எழுதிக் கை வலித்தது’ என்பதில் அந்த விளைவு இருக்கிறது. ‘வைத்து வைத்து அவற்றின் விவரங்களை’ என்பதில் இல்லை. இரண்டாவது ‘வைத்து’க்குப் பின் குரல் தொடர வழியில்லாமல் புதிதாகத் தொடங்குகிறது. அந்தப் புதுத் தொடக்கம்தான் அறிகுறி.

அறிகுறி: எந்தத் தடுமாற்றமும் இல்லை

நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். பத்தி வழுக்கிக்கொண்டு போகிறது, எங்கும் நிற்கவில்லை, பென்சில் கோடே இல்லை. பத்தி சுத்தமாக இருக்கலாம். அல்லது நீங்கள் தாளைப் படிக்காமல் நினைவைப் படித்திருக்கலாம்.

வாய்விட்டுப் படிக்கும்போது கண் குரலுடன் சேர்ந்து நடப்பதில்லை. ஒன்றிரண்டு சொற்கள் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். வாய் ஒரு சொல்லை ஒலிக்கும் நேரத்தில் கண் அந்தச் சொல்லை விட்டுப் போய்விட்டது. நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் மூளை ‘சரிசெய்து’ கொடுக்கிறது. எடுத்துக்காட்டின் கடைசி வாக்கியத்தில் ‘அனுமதி இல்லை என்பதை’ என்று இருக்க வேண்டும். ‘இல்லை’ விடுபட்டதால் பொருள் நேர் எதிராக மாறிவிட்டது. ஆனால் எழுதியவர் உரக்கப் படித்தாலும் ‘அனுமதி இல்லை என்பதை’ என்றே சொல்லிவிடக்கூடும்; காது அதைக் கேட்டுத் திருப்தி அடையும். அதே வாக்கியத்தில் ‘வாசகரகள்’ என்பதில் ர்-க்கு மேல் இருக்க வேண்டிய புள்ளி இல்லை. வாய் அதையும் ‘வாசகர்கள்’ என்றே ஒலிக்கும்.

இதைத் தீர்க்க மூன்று வழிகளை நான் நம்புகிறேன். மூன்றும் ஒன்றைவிட ஒன்று கடினமானவை.

முதலாவது, பென்சில் முனை. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே முனையை வைத்து, வாய் அந்தச் சொல்லை முடித்த பிறகே முனையை நகர்த்துங்கள். வரிக்கு அடியில் முனையை இழுத்துக்கொண்டே போவது உதவாது. சொல்லுக்குச் சொல் நிறுத்த வேண்டும். கண் முன்னால் ஓடுவதை இது தடுக்கிறது. கீழே உள்ள வரிகளை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ‘அனுமதி’ — நிறுத்தம் — ‘என்பதை’ என்று முனை நகரும்போது இடையில் ‘இல்லை’யைச் சொல்ல வாய்க்கு இடமிருக்காது.

இரண்டாவது, ஒலிப்பதிவு. பத்தியை இயல்பான வேகத்தில் படித்துக் கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். பிறகு அதை ஓடவிட்டு, வாய் பேசாமல், தாளைக் கண்ணால் பின்தொடருங்கள். இப்போது உங்கள் வேலை நல்ல தமிழா என்று பார்ப்பது அல்ல. குரல் சொன்னது தாளில் இருக்கிறதா என்று ஒப்பிடுவது மட்டுமே. பதிவில் ‘இல்லை’ கேட்கும், தாளில் அது இருக்காது. வாய் செய்த திருத்தம் அப்படியே சிக்கிக்கொள்ளும். முக்கியமான அறிவிப்பு, விண்ணப்பம், அச்சுக்குப் போகும் முன்னுரை போன்றவற்றுக்கு இந்த முறையை விடக் கூடாது என்பது என் கருத்து.

மூன்றாவது, உங்கள் பொருள் தெரியாத ஒரு குரல். வரைவை முன்பு பார்த்திராத ஒருவர் படிக்க, நீங்கள் தாளோடு கேட்கலாம். அவர் தயங்கும் இடங்களே குறிக்க வேண்டிய இடங்கள். தயக்கத்துக்குக் காரணம் கேட்டு இடைமறிக்காதீர்கள். ஆள் கிடைக்காதபோது கணினியைப் படிக்க வைக்கலாம். eSpeak NG என்ற இலவச ஒலிப்பு மென்பொருள் தமிழைப் படிக்கும். வரைவை varaivu.txt என்ற உரைக்கோப்பாகச் சேமித்து, கணினியின் கட்டளை முனையத்தில் இப்படித் தட்டினால் போதும்:

```
espeak-ng -v ta -s 120 -f varaivu.txt
```

`-s` என்பது நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற வேகம். ஒன்றும் குறிப்பிடாவிட்டால் அது 175 என்ற அளவில் ஓடும். பிழை பார்க்க அது மிக விரைவு, 120 பொருத்தமாக இருக்கும். குரல் வறண்டது, இயந்திரத்தனமானது. அந்த வறட்சிதான் இங்கே பயன். அதற்குப் பொருள் புரியாது என்பதால் எதையும் சேர்த்துச் சொல்லாது. ‘வாசகரகள்’ என்பதை நடுவில் ஓர் அகரத்தோடு அப்படியே படிக்கும். இன்னொரு வகைப் பிழையும் இதில் வெளிப்படும்: ‘ஔ’ என்ற ஓர் எழுத்துக்குப் பதிலாக ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்துகளைத் தட்டியிருந்தால் திரையில் ஏறக்குறைய ஒரேபோலத் தெரியும். மனிதர் அதை ‘ஔ’ என்றே படிப்பார். இயந்திரம் இரண்டு எழுத்தாகப் படித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

அறிகுறி: வாய் சொன்னது சரி, தாளில் ஒற்று இல்லை

‘விவரங்களை பதிவேட்டில்’ என்பதில் ‘விவரங்களைப்’ என்று ஒற்று மிக வேண்டும். இதில் வாயின் திருத்தும் குணத்தையே கருவியாக்கிக்கொள்ளலாம். எழுத்தில் ஒற்றை விட்டுவிடுபவரும் படிக்கும்போது பெரும்பாலும் ‘ப்ப’ என்று அழுத்தியே சொல்வார். ‘எடுத்துப் பார்த்தார்’ என்பதில் அழுத்தும் அதே வாய் ‘வந்து பார்த்தார்’ என்பதில் அழுத்துவதில்லை. இலக்கண விதியைச் சொல்லத் தெரியாதவரின் நாக்குக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருக்கிறது.

எனவே இதற்கென்று தனியாக ஒருமுறை படியுங்கள். இந்தச் சுற்றில் க, ச, த, ப என்ற நான்கு எழுத்துகளில் தொடங்கும் சொற்களை மட்டும் கவனியுங்கள். முந்தைய சொல்லோடு சேர்த்து இயல்பாகச் சொல்லும்போது வாய் அழுத்தினால், தாளில் ஒற்று இருக்கிறதா என்று பாருங்கள். வாய் அழுத்தாமல் தாளில் ஒற்று இருந்தால் அதையும் குறியுங்கள். தேவையில்லாமல் ஒற்றுப் போடுவதும் பரவலான பிழை. ‘வேலை கொடுத்தார்’ என்றால் பணி கிடைத்தது. ‘வேலைக் கொடுத்தார்’ என்றால் கையில் ஆயுதம் கிடைத்தது. ஓர் ஒற்று இந்த அளவு தூரம் கொண்டுபோய்விடும்.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். எல்லோருடைய வாயும் ஒரே மாதிரி அழுத்துவதில்லை. மெல்லப் பேசிப் பழகியவர்கள், ஒற்றில்லாத உரையையே படித்துப் பழகியவர்கள் பல இடங்களில் அழுத்த மாட்டார்கள். ஆகவே வாய் ஐயத்தை எழுப்பட்டும். தீர்ப்பை இலக்கணம் சொல்லட்டும். ‘அந்த, இந்த, எந்த’ என்பவற்றின் பின்னும், ‘ஐ’ உருபுக்கும் ‘கு’ உருபுக்கும் பின்னும் வல்லினம் மிகும். ‘படித்த கதை’ போன்ற பெயரெச்சத்தின் பின் மிகாது. இந்தச் சிலவற்றை நினைவில் வைத்தாலே பெரும்பாலான இடங்கள் தீர்ந்துவிடும்.

அறிகுறி: காதுக்கு முழுக்கச் சரி, பொருள்தான் இடிக்கிறது

‘புதிய விளக்குகள் பொருத்தப்பட்டதால் அறையில் ஒலி கூடியிருக்கிறது.’ ஒளி என்றிருக்க வேண்டும். வாய்விட்டுப் படிக்கும் முறை மிகவும் பலவீனமாக இருப்பது இங்கேதான், அதை மறைக்க விரும்பவில்லை. ல, ள, ழ மூன்றும் பலர் பேச்சில் இரண்டாகவோ ஒன்றாகவோ சுருங்கியிருக்கின்றன. ர, ற வேறுபாடு பெரும்பாலோர் பேச்சில் மறைந்தேவிட்டது. ஒலியில் இல்லாத வேறுபாட்டைக் காது எப்படிப் பிடிக்கும்?

ல, ள, ழ, ன, ண ஆகியவற்றுக்கு மிகைப்படுத்திப் படிப்பது ஓரளவு உதவும். ‘ல’வுக்கு நாக்கின் நுனியை மேல்பல்லின் அடியில் வையுங்கள்; ‘ள’வுக்கு நாக்கை நன்றாகப் பின்னால் மடித்து அண்ணத்தைத் தொடுங்கள்; ‘ழ’வில் மடித்த நாக்கு அண்ணத்தில் ஒட்டாமல் நெருங்கி நிற்க வேண்டும். தாளில் உள்ள எழுத்துக்கு ஏற்ப நாக்கை வேண்டுமென்றே நகர்த்தினால், ‘ஒலி’ என்று பல்லடியில் சொல்லும்போது ‘விளக்கு’க்கு அது பொருந்தாமல் உறுத்தும். மந்தமாகச் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு பக்கத்துக்கு மேல் தொடர்ந்து செய்தால் நாக்கு பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடும்.

ர, ற மயங்குபவர்கள் குரலை நம்பாமல் தேடும் வசதியை நம்புவதே மேல். அரை-அறை, கரை-கறை, ஏரி-ஏறி, மனம்-மணம், பனி-பணி, வலி-வழி என்று நீங்கள் வழக்கமாகத் தடுமாறும் இணைகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் Ctrl+F கொண்டு வரைவில் தேடிப் பாருங்கள். பட்டியல் உங்களுடையதாக இருக்க வேண்டும். பிறர் தயாரித்த நீண்ட பட்டியலில் நீங்கள் ஒருபோதும் செய்யாத பிழைகளே நிறைந்திருக்கும். இரண்டு முறை தேடிவிட்டுச் சலித்து விட்டுவிடுவீர்கள்.

அறிகுறி: எண்கள் சரளமாக வந்துவிட்டன

எண் சரளமாக வந்தால் ஐயப்படுங்கள். 1986 என்பதை ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு’ என்று ஒரே மூச்சில் சொல்பவர் 1968 இருந்தாலும் அதே மூச்சில் சொல்லிவிடுவார். இலக்கம் இலக்கமாக, ‘ஒன்று, ஒன்பது, எட்டு, ஆறு’ என்று படித்து மூலத்தோடு ஒப்பிட வேண்டும். அச்சகங்களில் ஒருவர் கையெழுத்துப்படியைக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி உட்பட உரக்கப் படிக்க, மற்றொருவர் மெய்ப்புத் தாளைப் பார்த்துத் திருத்தும் வழக்கம் இருந்தது. எண்களுக்கும் ஆட்பெயர்களுக்கும் அந்த இருவர் முறையை மிஞ்சியது எதுவும் இல்லை.

அறிகுறி: திருத்திய பிறகு பக்கத்து வாக்கியம் உறுத்துகிறது

எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். ‘தயாரித்தது’ என்பதைத் ‘தயாரித்தார்கள்’ என்று மாற்றிவிட்டோம். அந்த வாக்கியத்தை மட்டும் படித்தால் சரியாகவே இருக்கும். அடுத்த வாக்கியத்தையும் சேர்த்துப் படித்தால் ‘தயாரித்தார்கள்… குறித்துள்ளனர்’ என்று இரண்டு வகை முடிவுகள் அடுத்தடுத்து வந்து காதில் உரசும். ‘தயாரித்தனர்’ என்று மாற்றினால் இரண்டும் இணங்கும். ஒரு ‘வைத்து’ நீக்கிய இடத்தில் இப்போது மூச்சு வாங்கத் தோன்றுகிறது. அங்கே ஒரு காற்புள்ளி தேவை. இவை முதல் வரைவில் இல்லாதவை, திருத்தத்தால் பிறந்தவை.

அதனால் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் முந்தைய வாக்கியத்திலிருந்து தொடங்கி அடுத்த வாக்கியம் முடியும் வரை மீண்டும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒரு சொல்லை மட்டும் மாற்றியிருந்தாலும் இதைச் செய்ய வேண்டும். கடைசி நேரத்தில், அனுப்பும் முன் செய்யும் திருத்தத்தில்தான் விடுபட்ட சொல்லும் இரட்டித்த சொல்லும் அதிகமாகப் புகும். பழைய தொடரின் ஒரு துண்டை அழிக்க மறந்துவிட்டுப் புதிய துண்டைச் சேர்த்திருப்போம். எடுத்துக்காட்டுப் பத்தி எல்லாச் சுற்றுகளும் முடிந்த பின் இப்படி நிற்கிறது:

> நூலகத்தின் மேல்தளத்தில் கிடந்த பழைய இதழ்களை ஒழுங்குபடுத்தும் பணி நிறைவடைந்தது. இதில் ஈடுபட்ட உறுப்பினர்கள் வாரந்தோறும் சனிக்கிழமை காலையில் வந்து, தூசு தட்டி, ஆண்டுவாரியாகப் பிரித்து, கிழிந்த பக்கங்களை ஒட்டி, அட்டவணையும் தயாரித்தனர். சிதைந்த இதழ்களைத் தனியே எடுத்து வைத்து, அவற்றின் விவரங்களைப் பதிவேட்டில் குறித்துள்ளனர். புதிய விளக்குகள் பொருத்தப்பட்டதால் அறையில் ஒளி கூடியிருக்கிறது. இதழ்களை வீட்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதி இல்லை என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆறு பிழைகளில் இயல்பாக வாய்விட்டுப் படித்தபோது சிக்கக்கூடியவை ‘தயாரித்தது’, ‘வைத்து வைத்து’ ஆகிய இரண்டுதான். ‘இல்லை’க்கும் ‘வாசகரகள்’ என்பதற்கும் பென்சில் முனையோ ஒலிப்பதிவோ வேண்டியிருந்தது. ஒற்றுக்குத் தனிச் சுற்று, ‘ஒலி’க்கு மிகைப்படுத்திய நாக்கு அல்லது தேடல். நேரம் குறைவாக இருந்து ஒரே ஒரு சுற்றுக்குத்தான் இடம் என்றால், இயல்பாகப் படிப்பதை விட்டுவிட்டுப் பென்சில் முனையோடு படியுங்கள். அது முதல் நான்கையும் பிடிக்கும்.